திஞ்சான் மூடல்: வெளியூர்ப் பார்ட்டிகளுக்கு என்ன எழுதி அனுப்புகிறீர்கள்?

உளுந்துமூட்டை, மார்ச் 9, இரவு

திஞ்சானுக்கு இன்னும் ஐந்து வாரம். விடுமுறை லெட்டரை வெளியூர்ப் பார்ட்டிகள் எல்லோருக்கும் அனுப்பிவிடு, போன வருஷ லெட்டரில் தேதியைப் பார்த்து மாற்றினால் போதும் என்று முதலாளி இன்று சொல்லிவிட்டுப் போனார். போன வருஷ லெட்டரை எடுத்தேன். எழுதியவன் நான்தான். இப்போது படிக்க வயிறு கலங்குகிறது. முழுசும் இவ்வளவுதான்:

"தண்ணீர்த் திருவிழாவை முன்னிட்டு ஏப்ரல் 13 முதல் 17 வரை எங்கள் அலுவலகம் மூடப்பட்டிருக்கும். சரக்கு அனுப்புவதில் சிறு தாமதம் ஏற்படலாம். அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்."

பார்க்க ஒரு குற்றமும் இல்லை. ஆனால் இந்த மூன்று வரி எங்களுக்கு 1,440 டாலர் வைத்தது. ரங்கூனில் ஏற்றுமதி ஆபீஸில் இருப்பவர்கள், நீங்கள் என்ன எழுதுகிறீர்கள், எத்தனை நாள் முன்னால் அனுப்புகிறீர்கள்?

உளுந்துமூட்டை, மார்ச் 9, இன்னும் கொஞ்சம் இரவு

கதையைச் சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்டால் வாழ்த்து லெட்டர் மாதிரிதான் பதில் வரும், அதனால் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் சென்னைக்கு 96 டன் உளுந்து, நாலு இருபதடிப் பெட்டி, பெட்டிக்கு 24 டன், ஐம்பது கிலோ மூட்டையாக 480. பார்ட்டியின் பாங்க் பணத்துக்கு உறுதி கொடுக்கும் எல்.சி.யில் கப்பலேற்றக் கடைசித் தேதி ஏப்ரல் 15. ஏப்ரல் 11-ல் கப்பல், 9-ம் தேதி மாலை வரை பெட்டி உள்ளே போகலாம். 7-லும் 8-லும் மூட்டை ஏற்றி முடித்துவிடலாம் என்று கணக்கு. உளுந்து அறுவடை மாசி பங்குனியில் என்பதால் பயின்னவுங் சந்தையில் சரக்கு குவிகிற நேரமும் இதுதான், ஊர் மொத்தமும் லீவு கேட்கிற நேரமும் இதுதான்.

எங்கள் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர்களில் பாதிப் பேர் டெல்டா பக்கத்து ஆட்கள். 6-ம் தேதி சம்பளம் கொடுத்தோம், 7-ம் தேதி காலையில் பதினெட்டுப் பேரில் ஏழு பேர் நின்றார்கள். நானும் டைபிஸ்ட் தம்பியும்கூடத் தூக்கிப் பார்த்தோம். தம்பிக்கு முதுகு பிடித்துக்கொண்டது, எனக்கு மானம் போனது. இரண்டு பெட்டி முடிந்தது, இரண்டு நின்றது. எல்.சி.யில் பாகம் பாகமாக அனுப்ப அனுமதி இல்லை, நாலும் ஒன்றாகத்தான் போக வேண்டும். அடுத்த கப்பல் 20-ம் தேதி. கப்பல் கம்பெனி கொடுக்கும் சரக்கு ரசீதான பி.எல்.லில் 20 விழுந்தது, கடைசித் தேதி 15. அதற்குள் சென்னையில் விலை இறங்கியிருந்தது. பார்ட்டி சிரித்துக்கொண்டே டன்னுக்கு 15 டாலர் குறைத்தால் காகிதத்தை ஏற்கச் சொல்கிறேன் என்றார். 96 தரம் 15.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 13-ல்தான் மூடுகிறீர்கள், 11-ல் கப்பல் என்று நீங்களே சொன்னீர்கள், அப்புறம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். சரிதானே.

மோல்மேன்காரன், மார்ச் 10

தம்பி, உங்கள் பாங்க் உங்களை ஏமாற்றிவிட்டது. எல்.சி. தேதி லீவு நாளில் விழுந்தால் அடுத்த வேலைநாளுக்குத் தானாகவே தள்ளிப்போகும், அது உலகம் முழுக்க உள்ள விதி. ஏப்ரல் 15 திஞ்சானுக்குள் வருகிறது, ரங்கூனில் ஒரு பாங்க் திறந்திருக்காது. அப்படியிருக்க 20-ல் ஏற்றியது எப்படித் தாமதம் ஆகும்? சண்டை போட்டிருக்க வேண்டும். நான் மீன் அனுப்பிய காலத்தில் இரண்டு முறை இப்படி வாங்கியிருக்கிறேன்.

உளுந்துமூட்டை, மார்ச் 10

அண்ணே, நானும் அதைத்தான் நம்பி உட்கார்ந்திருந்தேன். பாங்கில் போய்ச் சொன்னேன், கவுண்டரில் இருந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு ஒரு தாளை எடுத்துக் காட்டினார். வரி புரியவில்லை, முகம் புரிந்தது.

பழைய கிட்டங்கி, மார்ச் 11

மோல்மேன்காரர் சொல்வதில் பாதி சரி. மீனுக்கு அவர் வாங்கியது வேறு தேதியாக இருந்திருக்கும்.

எல்.சி.யில் இரண்டு கடைசித் தேதி இருக்கிறது. ஒன்று சரக்கைக் கப்பலேற்ற, இன்னொன்று காகிதங்களைப் பாங்கில் கொடுக்க. யு.சி.பி. 600 என்கிற விதித்தொகுப்பு 2007 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதன் 29-வது விதி, காகிதம் கொடுக்கிற கடைசி நாளில் பாங்க் மூடியிருந்தால் அடுத்துத் திறக்கிற நாள்வரை இடம் கொடுக்கிறது. அதே விதியின் கடைசி வரியில், கப்பலேற்றும் கடைசித் தேதி இதனால் நீளாது என்று பச்சையாக எழுதியிருக்கிறது. பாங்க் மூடியிருப்பதற்கும் கப்பல் ஏற்றுவதற்கும் சம்பந்தம் இல்லை, அதுதான் காரணம். உளுந்துமூட்டைக்கு விழுந்த அடி முதல் தேதியில். சண்டை போட்டிருந்தாலும் தோற்றிருப்பார்.

இன்னொன்று பலரும் கவனிப்பதில்லை. அந்த நீட்டிப்பும், காகிதம் கொடுக்க வேண்டிய பாங்க் மூடியிருந்தால்தான். எல்.சி. சென்னையில் முடிகிறது என்று போட்டிருந்தால், ரங்கூனில் பத்து நாள் பூட்டுப் போட்டாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. உங்கள் எல்.சி.யில் முடிகிற இடம் எது என்று முதலில் பாருங்கள்.

நாற்பது வருஷம் பாங்க், கப்பல் ஏஜெண்டு என்று இந்தக் காகிதத்தோடு கிடந்தவன் என்பதால் நீளமாகச் சொல்லிவிட்டேன்.

மோல்மேன்காரன், மார்ச் 11

ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எனக்கு நீண்டது எந்தத் தேதி என்று பழைய பைலைப் பார்க்க வேண்டும். பைல் நர்கீஸ் புயலில் போய்விட்டது, ஆகவே நான் சொன்னதும் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது.

சிங்கை நேரம், மார்ச் 12

நானும் இதே பிரச்சினையில்தான் இருக்கிறேன். சிங்கப்பூர் கம்பெனி ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறோம், ஏழு பெண்கள். திஞ்சானுக்கு முந்தின வாரம் காலை 8 முதல் மதியம் 2 வரைதான் வேலை என்று மெயில் போட்டேன். அவர்கள் 3 மணிக்கு அழைக்கிறார்கள், யாரும் எடுக்கவில்லை என்று கோபம். ஓவர்டைம் எப்படிக் கொடுப்பது, ஆட்களுக்கு லீவு எப்படிப் பிரிப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

உளுந்துமூட்டை, மார்ச் 12

அக்கா, ஓவர்டைம் எனக்குத் தெரியாது. இங்கே கேட்டது வெளியூர்ப் பார்ட்டிக்கு எழுதுவதைப் பற்றி. ஆனால் உங்கள் மெயிலில் ஒன்று இருக்கிறது. 8 முதல் 2 என்று எழுதினீர்கள், யாருடைய 8 என்று எழுதினீர்களா? நம் 2 மணி சிங்கப்பூரில் 3:30. அவர்கள் 3 மணிக்கு அழைத்தது அவர்கள் கடிகாரத்தில் என்றால் நம் 1:30, ஆபீஸில் ஆள் இருந்திருக்க வேண்டும். நம் கடிகாரத்தில் 3 என்றால் அவர்கள் தப்பு. எது?

சிங்கை நேரம், மார்ச் 12

அவர்கள் கடிகாரத்தில்தான். ஆள் இருந்தோம். சாப்பிடப் போயிருந்தோம். இதை வெளியில் சொல்லாதீர்கள்.

உளுந்துமூட்டை, மார்ச் 13

இதை வைத்து என் பழைய லெட்டரைத் திரும்பப் பார்த்தேன். திஞ்சானுக்கு முந்தின வாரம் எங்களுக்கும் 8 முதல் 2. சென்னை நம்மைவிட ஒரு மணி பின்னால், ஆகவே அங்கே 7 முதல் 1. மில் ஆபீஸில் 10 மணிக்குத்தான் ஆள் வருகிறது. மொத்தம் மூன்று மணி நேரம்தான் பேச வாய்க்கிறது. துபாயில் ஒரு பார்ட்டி, நம் 2 மணி அவருக்கு 11:30. அவர் 9-க்கு உட்கார்ந்தால் இரண்டரை மணி. குறைந்த நேரம் என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் தெரியாது. "உங்கள் நேரப்படி 11:30-க்குள் கூப்பிடுங்கள்" என்று எழுதினால் அதற்குத் தக்கபடி கூப்பிடுவார். துபாய்க்காரரின் வெள்ளிக்கிழமையும் முன்னே மாதிரி இல்லை, 2022-லிருந்து அரசு ஆபீஸ்களில் அது அரை நாள் வேலை. எனக்குப் பழைய பழக்கத்தில் வெள்ளி என்றால் அவருக்கு விடுமுறை என்றே கை எழுதுகிறது.

நேரத்தைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. பணம் போனது தேதியில்.

விருதுநகர் மில், மார்ச் 14

வாங்குகிற பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பா காலத்திலிருந்து பர்மா உளுந்துதான்.

உங்கள் ஆபீஸ் எப்போது மூடுகிறது என்பது எங்களுக்கு வேண்டாம். நாலு ஊர்ப் பார்ட்டியும் பூப்போட்ட படமாக வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். மஞ்சள் பூ, தண்ணீர்க் குடம், கீழே சின்ன எழுத்தில் தேதி. எங்கள் கணக்குப்பிள்ளை அதை வாழ்த்து என்று நினைத்துக் கைகூப்பும் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கிறார். இரண்டு நாள் கழித்துப் பெட்டி எங்கே என்று கேட்டால் லெட்டர் அனுப்பினோமே என்கிறார்கள்.

எனக்கு வேண்டியது ஒரே விஷயம், என் பெட்டி எந்தக் கப்பலில். சித்திரை வெயிலில் அப்பளக்காரர்கள் உயிரை எடுப்பார்கள், அவர்களுக்கு மாவு இத்தனாம் தேதி என்று வாக்குக் கொடுத்திருப்பேன். பத்து நாள் தள்ளும் என்று ஒரு மாதம் முன்னால் தெரிந்தால் உள்ளூரில் கொஞ்சம் வாங்கிச் சமாளிப்பேன். மூன்று நாள் முன்னால் தெரிந்தால் உங்களைத் திட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. "சிறு தாமதம்" என்கிற வார்த்தையை எழுதுகிறவனை நான் நம்புவதே இல்லை.

இன்னொன்று. இறக்குமதி அனுமதி இங்கே தேதி வைத்து வரும், மார்ச் 31 வரை என்பது மாதிரி. அந்த நாளைச் சுற்றி பி.எல். தேதி விழுந்தால் எங்களுக்குத் தூக்கம் போய்விடும். அதையும் யோசித்து எழுதுங்கள்.

உளுந்துமூட்டை, மார்ச் 14

அண்ணாச்சி, அந்தப் பூ பிடாவ். திஞ்சானை ஒட்டிப் பூக்கும், ஒரு நாள் இருக்கும். நானும் அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறேன். இந்த வருஷம் வாழ்த்து தனி, தேதி தனி.

பழைய கிட்டங்கி, மார்ச் 15

மூடல் என்று ஒரே வார்த்தையில் எழுதுவதே தவறு. நாலு இடம் மூடுகிறது, நாலும் நாலு மாதிரி. உங்கள் ஆபீஸ் 13-ல் மூடும். கிட்டங்கி ஆட்கள் 6-ம் தேதியே கிளம்பிவிடுவார்கள், திரும்பி வர 21, 22 ஆகும். பாங்க் அரசு அறிவிக்கிற நாளுக்கு மூடும், அது வருஷத்துக்கு வருஷம் மாறும். துறைமுகத்தில் கிரேன் ஓடினாலும் சுங்கத்தில் கையெழுத்துப் போட ஆள் இல்லையென்றால் பெட்டி நகராது. சரக்கில் பூச்சி, நோய் இல்லை என்று எழுதித் தருகிற பைட்டோ சர்டிபிகேட்காரர்களும் அப்படித்தான்.

இவற்றில் எது முதலில் மூடி எது கடைசியில் திறக்கிறதோ அதுதான் பார்ட்டிக்கு உங்கள் மூடல். உங்கள் கணக்கில் அது 6 முதல் 21. லெட்டரில் எழுதியது 13 முதல் 17. போன வருஷத்து 1,440 டாலர் இந்த இடைவெளியில்தான் போயிருக்கிறது.

உளுந்துமூட்டை, மார்ச் 15

ஐயா, இதைப் படித்துவிட்டு லபெயே டீக்கடையில் அரை மணி உட்கார்ந்திருந்தேன். நான் கதவைப் பற்றி எழுதினேன், அவர் பெட்டியைப் பற்றிக் கேட்டார்.

இந்த வருஷக் கணக்கைச் சொல்கிறேன், தப்பு இருந்தால் பிடியுங்கள். அண்ணாச்சியின் மில்லுக்கு, சென்னை வழியாக 120 டன், ஐந்து பெட்டி. எல்.சி.யில் கப்பலேற்றக் கடைசித் தேதி ஏப்ரல் 18, காகிதம் கொடுக்கக் கடைசித் தேதி மே 9, முடிகிற இடம் ரங்கூன். பாகமாக அனுப்ப அனுமதி இல்லை. ஆட்கள் இருக்கும்போது, அதாவது 5-ம் தேதிக்குள், மூன்று பெட்டிக்குத்தான் சரக்கு சுத்தமாகிக் கைக்கு வரும். ஏப்ரல் 10 கப்பலில் அந்த மூன்று. மீதி இரண்டும் 22-க்கு அப்புறம் ஏற்றி 27 கப்பலில். அதனால் பார்ட்டியிடம் இரண்டு கேட்கிறேன். பாகமாக அனுப்பலாம் என்று திருத்தம், கப்பலேற்றும் தேதி ஏப்ரல் 30 என்று திருத்தம். நாளைக்கே அனுப்புகிறேன்.

லெட்டர் இப்படி:

"அண்ணாச்சிக்கு வணக்கம். காண்ட்ராக்ட் 120 டன் உளுந்து பற்றி. ஐந்தில் மூன்று பெட்டி ஏப்ரல் 10 கப்பலில் வரும். மீதி இரண்டு பெட்டி ஏப்ரல் 27 கப்பலில். திஞ்சானுக்கு ஏப்ரல் 6 முதல் கிட்டங்கியில் ஆள் இல்லை, 22 வரை மூட்டை ஏற்ற முடியாது, காரணம் அதுதான். எல்.சி.யில் இரண்டு திருத்தம் வேண்டும்: பாகமாக அனுப்ப அனுமதி, கப்பலேற்றக் கடைசித் தேதி ஏப்ரல் 30. திருத்தம் ரங்கூன் பாங்குக்கு ஏப்ரல் 8-க்குள் வர வேண்டும், அதற்கு மேல் இங்கே பாங்க் மூடிவிடும், உங்கள் பக்கமும் 14 லீவு. முடியாது என்றால் மார்ச் 22-க்குள் சொல்லுங்கள், ஐந்தையும் 27-ல் ஒன்றாக அனுப்புவது பற்றிப் பேசுவோம்."

வாழ்த்தைக் கடைசி வரியிலும் போடவில்லை. மனசு கேட்கவில்லை, ஆனாலும் போடவில்லை.

பழைய கிட்டங்கி, மார்ச் 16, காலை

அனுப்புவதற்குமுன் நிறுத்துங்கள். மூன்று இடத்தில் உதைக்கிறது.

முதலாவது, கப்பலேற்றும் தேதியை 30-க்கு நீட்டிவிட்டுக் காகிதம் கொடுக்கும் தேதியை மே 9-லேயே விட்டுவிட்டீர்கள். கப்பல் ஏறி 21 நாளுக்குள் காகிதம் கொடுக்கலாம் என்பது பொது விதி, ஆனால் எல்.சி. முடிவுத் தேதி அதற்குமுன் வந்தால் அதுதான் செல்லும். 30-ல் ஏற்றினால் உங்களுக்கு ஒன்பது நாள்தான் கையில். ஏஜெண்டு பி.எல். கொடுக்கத் திஞ்சானுக்கு அப்புறம் ஒரு வாரம் இழுப்பார், தெரியும்தானே? முடிவுத் தேதியையும் மே 21 என்று கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பாங்க் கூலி தனி.

இரண்டாவது, உங்கள் மாற்று வழி வழியே இல்லை. ஐந்தையும் 27-ல் அனுப்பினாலும் ஏப்ரல் 18 தாண்டிவிடுகிறது, அதற்கும் திருத்தம் வேண்டும். திருத்தம் மறுக்கிறவரிடம் அதையே வேறு ரூபத்தில் கேட்கிறீர்கள்.

மூன்றாவது, அந்தத் திருத்தக் கூலி யார் தலையில் என்று எழுதவில்லை. அதை எழுதாத லெட்டருக்குப் பதில் மெதுவாகத்தான் வரும்.

விருதுநகர் மில், மார்ச் 16

"22 வரை மூட்டை ஏற்ற முடியாது" என்றால் 22-ம் தேதி ஏற்றலாமா கூடாதா? எங்கள் ஊரில் பாதிப் பேர் 22-ம் சேர்த்து லீவு என்பார்கள், பாதிப் பேர் 22-ல் திறந்துவிடும் என்பார்கள். போன வருஷம் 17 வரை மூடல் என்று யாரோ எழுதியதால் 17-ல் ஆள் இருக்கும் என்று என் மைத்துனர் அன்று முழுக்கப் போன் அடித்துக்கொண்டிருந்தார். "வரை" போடாதீர்கள். "22 காலையில் வேலை தொடங்கும்" என்று போடுங்கள்.

உளுந்துமூட்டை, மார்ச் 16, மதியம்

நாலும் ஒத்துக்கொள்கிறேன், மே 9-ஐ விட்டது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. திருத்தினேன்: முடிவுத் தேதி மே 21. திருத்தக் கூலி எங்கள் கணக்கில், மொத்தமாக ஒரே திருத்தமாக. ஐந்தையும் ஒன்றாக என்கிற வரியை எடுத்துவிட்டு, "திருத்தம் முடியாது என்றால் மார்ச் 22-க்குள் சொல்லுங்கள், 10-ம் தேதிக் கப்பலுக்கு ஐந்து பெட்டிக்கும் பழைய சரக்கு வேறு இடத்தில் வாங்கப் பார்க்கிறேன், தரம் எப்படி என்று உங்களிடம் கேட்டுவிட்டுத்தான்" என்று போட்டேன். "வரை" எல்லாம் போய்விட்டது. தேதியில் மாதத்தை எழுத்தில் போட்டேன், துபாய்ப் பார்ட்டிக்கு ஒரு முறை 4/5 என்று எழுதி அவர் மே மாதம் என்று எடுத்துக்கொண்டது தனிக் கதை.

அனுப்பியது மதியம் 1:10. சென்னைக்கு 12:10, ஆள் இருக்கும் நேரம்.

மோல்மேன்காரன், மார்ச் 17

ஒரு லெட்டருக்கு இத்தனை நாளா? நாங்கள் அந்தக் காலத்தில் ஒரு தந்தியில் முடித்தோம். தந்தியில் வார்த்தைக்குக் காசு, அதனால் வாழ்த்துப் போட வழியில்லை, அதனால் தெளிவாக இருந்தது.

சிங்கை நேரம், மார்ச் 19

நான் திருத்தி அனுப்பினேன், இரண்டு நேரமும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு. சாப்பாட்டு நேரமும் போட்டேன்! அவர்கள் திருப்பிக் கேட்டது: மார்ச் மாதக் கணக்கை எந்தத் தேதியில் முடித்துத் தருவீர்கள்? நான் அதைத்தான் எழுதவே இல்லை. ஏப்ரல் 10 என்று வழக்கம், இப்போது 22 என்று சொல்லியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

உளுந்துமூட்டை, மார்ச் 21

பார்ட்டி சரி என்றார். திருத்தத்துக்கு அவர் பாங்கில் மனு கொடுத்துவிட்டார். ஆனால் ஏப்ரல் 1 இந்தியாவில் பாங்க் வருஷக் கணக்கு முடிக்கிற நாள், அன்று வாடிக்கையாளர் வேலை நடக்காது. அதனால் மார்ச் மாதத்துக்குள் போகவில்லை என்றால் ஏப்ரல் 1 தாண்டித்தான். இதை நான் யோசிக்கவே இல்லை, அவர்தான் சொன்னார். நம் லீவை அவருக்குச் சொல்லப் போன நான் அவர் லீவைக் கேட்கவில்லை.

உளுந்துமூட்டை, ஏப்ரல் 3

திருத்தம் இன்னும் வரவில்லை. ஆட்கள் 5-ம் தேதி கிளம்புகிறார்கள், 6 இல்லை. சம்பளத்தை 5-க்கே கேட்டார்கள். மூன்றாவது பெட்டி பாதியில் நிற்கிறது. காலிப் பெட்டி எடுத்துப் பத்து நாள் ஆகப்போகிறது, கப்பல் கம்பெனியின் இலவச நாள் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குத் திஞ்சான் தெரியாது, ஞாயிறும் தெரியாது.

பழைய கிட்டங்கி, ஏப்ரல் 3

திருத்தம் கையில் இல்லாமல் மூன்று பெட்டியைக் கப்பலில் ஏற்றாதீர்கள். பாகமாக அனுப்பக் கூடாது என்று இருக்கும் எல்.சி.யில் மூன்று மட்டும் போனால் அது முரண். வரும் என்று பார்ட்டி சொல்வது திருத்தம் இல்லை. பாங்க் கொடுப்பதுதான் திருத்தம்.

உளுந்துமூட்டை, ஏப்ரல் 8, இரவு

வந்துவிட்டது. இன்று மதியம் 12:40-க்குப் பாங்கிலிருந்து போன். மூன்றும் இருக்கிறது, பாகமாக, 30, மே 21. மூன்றாவது பெட்டியை நாலு உள்ளூர் ஆட்கள், கிட்டங்கிக் காவல்காரர், அவருடைய மச்சான், நான் சேர்ந்து ஏற்றி முடித்தோம். 480 மூட்டையில் எனக்கு 31. எண்ணினேன். இரண்டு நாள் முதுகு வலிக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது. நாளை மாலைக்குள் மூன்றும் உள்ளே.

உளுந்துமூட்டை, ஏப்ரல் 12

கப்பல் 10-ல் போகவில்லை, 11-ல் போனது. பி.எல். 11. பரவாயில்லை, எல்.சி. தேதிக்குள். அண்ணாச்சிக்கு உடனே எழுதினேன், ஒரே வரி: மூன்று பெட்டி ஏப்ரல் 11-ல் கிளம்பியது, நேர்க் கப்பல், ஒரு வாரத்தில் வரும். போன வருஷம் இந்த வரியை நான் எழுதவே இல்லை என்பதும் ஞாபகம் வந்தது.

மோல்மேன்காரன், ஏப்ரல் 12

லீவு நாளில் கேட்கிறேன். 2021-ல் பாங்குகள் மூடிக்கிடந்தனவே, அது திருவிழா இல்லை. அப்போது தேதி நீளுமா? என் மருமகன் அப்போது ஒரு பார்ட்டியோடு தகராறு பண்ணி இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

பழைய கிட்டங்கி, ஏப்ரல் 13

அந்த 29-வது விதியே, 36-வது விதியில் சொன்ன காரணங்களால் மூடியிருந்தால் பொருந்தாது என்கிறது. கலவரம், வேலைநிறுத்தம், இயற்கைச் சீற்றம் எல்லாம் அதில் வருகிறது. திருவிழாவுக்கு மூடினால் நாள் கிடைக்கும், வேலைநிறுத்தத்தில் மூடினால் கிடைக்காது. மருமகனுடையது எந்த வகை என்று எல்.சி.யைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். பார்ட்டி நினைத்தால் காகிதத்தை ஏற்கலாம், அதை விதி தடுப்பதில்லை. பார்ட்டி நினைக்காவிட்டால் அவ்வளவுதான்.

தெருவில் தண்ணீர் ஊற்றுகிறார்கள், நான் பால்கனியில் இருக்கிறேன். பேசுகிற குரலே கேட்கவில்லை.

மோல்மேன்காரன், ஏப்ரல் 13

எனக்கு நியாயமாகப் படவில்லை. விதி சரிதான், நியாயம் வேறு.

உளுந்துமூட்டை, ஏப்ரல் 24

ஆட்கள் 22-ல் வருவதாகச் சொல்லி 23 மதியம்தான் வந்தார்கள். மீதி இரண்டு பெட்டியில் ஒன்று முடிந்தது. பைட்டோ ஆபீஸில் திஞ்சானுக்கு முன்னால் கொடுத்த விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கின்றன, நம்முடையது 26-க்குக் கிடைக்கும் என்கிறார்கள், 27 கப்பலுக்கு 25 மாலைக்குள் பெட்டி உள்ளே போக வேண்டும். சர்டிபிகேட் இல்லாமல் ஏஜெண்டு பெட்டியை உள்ளே எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். எடுத்துக்கொள்வார் என்று ஒரு ஏஜெண்டு, மாட்டார் என்று இன்னொருவர்.

அண்ணாச்சிக்கு இதையும் எழுதிவிட்டேன்: 27 கப்பல் நடக்கலாம், நடக்காவிட்டால் எல்.சி. தேதியான 30 தாண்டும், அப்போது இன்னொரு திருத்தம் கேட்பேன், கூலி எங்கள் கணக்கில். 26 மதியம் உங்கள் நேரப்படி 12-க்குள் முடிவு சொல்கிறேன்.

விருதுநகர் மில், ஏப்ரல் 24

பார்த்தேன். அப்பளக்காரரிடம் இன்றே சொல்லிவிட்டேன், கடைசி இரண்டு பெட்டியை நம்பி யாரும் பந்தல் போட வேண்டாம் என்று. திட்டவில்லை.

சிங்கை நேரம், ஏப்ரல் 25

22 என்று சொன்ன கணக்கை இன்றுதான் முடித்தேன். அவர்களுக்கு 20-ம் தேதியே எழுதிவிட்டேன், 25 ஆகும் என்று. சரி என்று பதில் வந்தது, வேறு ஒன்றும் இல்லை.

உளுந்துமூட்டை, ஏப்ரல் 28

27-ல் ஏறவில்லை. 28-ல் இன்று காலை ஏறியது, அதே கப்பல், ஆற்றில் நீர்மட்டம் ஏறக் காத்திருந்து ஒரு நாள் தள்ளியது. பைட்டோ 26 காலை 11-க்குக் கிடைத்தது. 25-ல் பெட்டியை உள்ளே எடுத்துக்கொண்டவர் முதல் ஏஜெண்டு. இன்னொருவர் ஏன் மாட்டேன் என்றார் என்று தெரியவில்லை, அவரிடமும் கேட்டேன், விதி அப்படி என்றார், எந்த விதி என்று சொல்லவில்லை.

திருத்தக் கூலி, இலவச நாள் தாண்டிய பெட்டி வாடகை இரண்டும் வரும், எவ்வளவு என்று பில் வந்தால் எழுதுகிறேன். முதலாளி கேட்டார், அந்த லெட்டரைப் பத்திரமாக வை, அடுத்த வருஷம் தேதியை மாற்றி அனுப்பலாம் என்று.